சித்தி எழுதி, அம்மா படிக்க, அம்மு கேட்க

கேள்வி: என் கல்லூரித் தோழியின் மகளுக்கு அடுத்த மாதம் இரண்டு வயது நிறைகிறது. தோழி சென்னைப் பெண், இப்போது பெங்களூரில் இருக்கிறாள். நான் மதுரை. வீட்டில் எல்லோரும் பாப்பாவை ‘அம்மு’ என்பார்கள். அவள் என்னை ‘தித்தி’ என்பாள். குக்கர் சத்தம் கேட்டால் ஓடிப்போய் ‘உஸ்’ என்று சொல்லிக் காட்டுவாளாம். பிறந்த நாளுக்கு நேரில் போக முடியாததால் ஒரு கடிதம் அனுப்புகிறேன், தோழி படித்துக் காட்டுவாள். நாலு தாள் எழுதினேன். “செல்லமே, நீ இவ்வுலகிற்கு வந்து இரண்டு ஆண்டுகள் நிறைவடைகின்றன. நான் விரைவில் உன்னைப் பார்க்க வருவேன். உன்னைப் பெற்றெடுக்க உன் அம்மா பட்ட பாட்டை நான் அறிவேன். நீ வளர்ந்து கலெக்டராக வேண்டும்” என்றெல்லாம் போகிறது. படித்துப் பார்த்தால் குழந்தைக்கு எழுதியது மாதிரியே இல்லை. எப்படி எழுதலாம்? அட்டையில் பாசி, ஜிகினா ஒட்டலாமா?
- ஒரு வாசகி, மதுரை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

ஸ்பீச் தெரபிஸ்டாக என் பகல் முழுவதும் இந்த வயதுப் பிள்ளைகளோடுதான் போகிறது. உங்கள் நாலு தாளில் பாசத்துக்குக் குறைவே இல்லை. அந்தக் கடிதம் யார் வாயிலிருந்து வரப்போகிறது என்பதை மட்டும் நீங்கள் எழுதும்போது மறந்துவிட்டீர்கள். எழுதுவது நீங்கள். ஆனால் அம்முவின் காதில் விழப்போவது அவள் அம்மாவின் குரல். குழந்தையைப் பொறுத்தவரை அது அம்மா பேசுகிற பேச்சுதான். உள்ளே சித்தி ஒளிந்திருக்கிறாள் என்று இரண்டு வயதுக்குத் தெரியாது. கடிதம் என்றால் வேறொருவர் பேச்சைத் தாளில் கொண்டுவருவது என்ற விஷயமே அவளுக்கு இன்னும் சில வருடம் கழித்துத்தான் பிடிபடும்.

அதனால் முதலில் திருத்த வேண்டியது ‘நான்’ என்கிற சொல்லை. “நான் விரைவில் உன்னைப் பார்க்க வருவேன்” என்று தோழி படித்தால், அம்மு அம்மாவின் முகத்தைப் பார்ப்பாள். அம்மா இங்கேதானே இருக்கிறாள், எங்கிருந்து வருவாள்? என்னிடம் வந்துகொண்டிருந்த ஒரு பையனுக்கு இதுவே வேறு மாதிரி நடந்தது. அவனுக்கும் அப்போது இரண்டு வயதுதான். வெளியூரில் இருந்த அத்தை அனுப்பிய வாழ்த்து அட்டையை என் அறையில் உட்கார்ந்தே அம்மா அவனுக்குப் படித்துக் காட்டினார். “நான் ஊருக்குப் போயிட்டேன், சீக்கிரம் வந்துடுவேன்” என்று ஒரு வரி. அந்த வரி வந்ததுமே பையன் அம்மாவின் துப்பட்டாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மடியில் ஏறிவிட்டான். அம்மா ஊருக்குப் போகிறாள் என்றுதான் அவன் எடுத்துக்கொண்டான். அவன் புரிந்துகொண்டதில் ஒரு பிழையும் இல்லை. அட்டையை எழுதியவர், அது யார் வாயால் சொல்லப்படும் என்று யோசிக்கவில்லை.

‘நான்’, ‘நீ’ என்பவை பேசுகிற ஆளைப் பொறுத்து இடம் மாறும் சொற்கள். நான் சொன்னால் ‘நான்’ என்பது நான். நீங்கள் சொன்னால் அதே சொல் நீங்கள். இந்தச் சுழற்சி பிள்ளைகளுக்கு இரண்டிலிருந்து மூன்று வயதுக்குள் மெதுவாகத்தான் பிடிபடும். அதுவரை அம்மு ‘எனக்குத் தண்ணி’ என்பதைவிட ‘அம்முக்குத் தண்ணி’ என்றே கேட்கக்கூடும். நம் வீட்டு அம்மாக்களும் தெரிந்தோ தெரியாமலோ இதற்கு ஏற்ற மாதிரியே பேசுகிறார்கள். ‘இரு, அம்மா வர்றேன்’ என்கிறோம். அம்மா என்ற பெயரையும் சொல்கிறோம், ‘வர்றேன்’ என்று நம்மைச் சேர்ந்த வினையையும் போடுகிறோம். நேரில் இது அழகாக வேலை செய்யும்.

இதைப் பார்த்து நீங்களும் ‘சித்தி வர்றேன்’ என்று எழுதிவிடாதீர்கள். அதை நீங்கள் சொன்னால்தான் பொருந்தும். தோழி வாயில் ‘சித்தி வர்றாங்க’ என்றுதான் வரவேண்டும். தன்னைத்தானே ‘வர்றாங்க’, ‘குடுத்தாங்க’ என்று மரியாதை போட்டு எழுதிக்கொள்ளக் கூச்சமாக இருக்கும். தோழி உங்களை ‘வாடி போடி’ என்பவளாக இருப்பாள். ஆனால் மகளிடம் உங்களைப் பற்றிப் பேசும்போது ‘சித்தி வர்றாங்க’ என்கிறாளா, ‘சித்தி வர்றா’ என்கிறாளா? அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அவள் எப்படிச் சொல்கிறாளோ அப்படியே எழுதுங்கள்.

குழந்தைக்காக எழுதும்போது தாயின் வாயாகப் பேசுவது நம் மொழிக்குப் பழக்கமான வேலை. பிள்ளைத்தமிழ் என்று ஒரு வகையே உண்டு. கவிஞர் தாயின் இடத்தில் நின்று, பாடப்படுபவரைக் குழந்தையாக வைத்துப் பாடுவார். பருவங்கள் பத்து. கை கொட்டச் சொல்வது சப்பாணி, நடந்து வரச் சொல்வது வருகை, முத்தம் கேட்பது முத்தப் பருவம், நிலாவை விளையாடக் கூப்பிடுவது அம்புலி. அந்தப் பாட்டுகளின் தமிழ் அம்முவுக்கு எட்டாது. ஆனால் இரண்டு விஷயங்களை அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம். ஒன்று, ஒரு பருவத்தில் வரும் பாட்டுகள் எல்லாம் ஒரே மாதிரி முடியும். ‘சப்பாணி கொட்டியருளே’ போல ஒரு வரி திரும்பத் திரும்ப வரும். இன்னொன்று, வெறுமனே புகழ்ந்துவிட்டுப் போகாமல் குழந்தையை ஏதாவது செய்யச் சொல்லும். கொட்டு, வா, தா. உங்கள் நாலு தாளில் அம்மு செய்வதற்கு ஒன்றும் இல்லை. கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டும். இரண்டு வயதால் முடியாத காரியம் அது.

அடுத்தது தமிழ். ‘நிறைவடைகின்றன’, ‘அறிவேன்’ என்பவை எழுத்துத் தமிழ். அம்முவிடம் வீட்டில் யாரும் அப்படிப் பேசியிருக்க மாட்டார்கள். படிக்கிற தோழியின் குரலும் இந்தச் சொற்கள் வந்ததும் செய்தி வாசிப்பது போல மாறிவிடும், கொஞ்சல் போய்விடும். பிள்ளைகளிடம் பேசும்போது நாம் இயல்பாகவே குரலை உயர்த்தி, இழுத்து, ஏற்றி இறக்கிப் பேசுவோம். குழந்தையின் காதை இழுத்துப் பிடித்து வைப்பது அதுதான். எழுத்துத் தமிழ் அதற்கு இடம் தராது. ‘ரெண்டு’, ‘வீட்ல’, ‘பொறந்த நாள்’ என்று பேச்சில் இருப்பதை அப்படியே எழுதுங்கள். பேச்சுத் தமிழை எழுதினால் குழந்தைக்குத் தப்பாகப் பழகிவிடுமோ என்று சிலர் என்னிடம் கேட்பதுண்டு. அம்மு இதைப் படிக்கப்போவதில்லை, காதால்தான் கேட்கப்போகிறாள்.

பேச்சுத் தமிழ் என்றாலும் அது தோழி வீட்டுப் பேச்சாக இருக்கட்டும். மதுரைப் பேச்சில் உங்களுக்குத் தானாக வரும் ‘அங்கிட்டு’, ‘இங்கிட்டு’ சென்னைப் பெண்ணின் வாயில் தடுக்கும். அம்மு பெங்களூரில் வளர்வதால் பக்கத்து வீட்டுப் பாட்டியை ‘அஜ்ஜி’ என்று கூப்பிடுகிறாளோ என்னவோ. அப்படியானால் அஜ்ஜியும் கடிதத்துக்குள் வரலாம். அவள் காதில் ஏற்கனவே இருக்கும் சொல் எந்த மொழியாக இருந்தால் என்ன?

மழலையை அப்படியே எழுதலாமா என்பதையும் சொல்லிவிடுகிறேன். ‘ச’ வராமல் ‘த’ வருவது இந்த வயதில் சகஜம். அம்மு ‘தித்தி’ என்பாள். அம்மா ‘சித்தி’ என்றே படிக்கட்டும். சரியான ஒலி காதில் விழுந்துகொண்டே இருந்தால்தான் ஒருநாள் அது வாயில் வரும். ஆனால் ‘உஸ்’ அப்படிப்பட்டதல்ல. அது குக்கரைப் பார்த்து அவளே பிடித்துக்கொண்ட சொல். அதைக் குக்கர் என்ற சொல்லோடு சேர்த்து அப்படியே வையுங்கள்.

உங்கள் கேள்வியிலேயே கடிதத்துக்கு வேண்டியது இருக்கிறது என்று படித்தவுடனே எனக்குத் தோன்றியது. அது இந்தக் குக்கர்தான். ‘உன் சிரிப்பு ஒளி’ என்பது எந்தக் குழந்தைக்கும் பொருந்தும். குக்கர் சத்தத்துக்கு ஓடுவது அம்மு. இரண்டு வயதுக் குழந்தைக்கு நேற்று, நாளை, வருடம் என்பதெல்லாம் வெறும் சத்தம். இன்று கண்ணுக்குத் தெரிவதும் காதில் கேட்பதும் கைக்கு எட்டுவதும்தான் விஷயம். கடிதத்தில் வருபவை எல்லாம் அந்த அறையில் இருப்பவையாகவோ, அவள் அறிந்த சத்தமாகவோ இருக்கட்டும். ‘சித்தி வீட்டுக்குப் போகலாம்’ என்றுகூட எழுதாதீர்கள். ‘போகலாம்’ என்ற சொல் காதில் விழுந்ததும் போய்ச் செருப்பை எடுத்துக்கொண்டு வந்து வாசலில் நிற்கும் வயது இது. அப்புறம் இன்றைக்கு இல்லை என்று சொல்லிப் புரியவைக்க முடியாமல் அழுகையில் முடியும்.

சொன்னதை எல்லாம் வைத்து ஒரு மாதிரி எழுதிப் பார்த்தேன். அடைப்புக்குறிக்குள் இருப்பவை தோழிக்கான குறிப்புகள், வேறு நிற மையில் சின்னதாக எழுதுங்கள்.

அம்மு! அம்மு எங்கே?
இதோ இருக்கா அம்மு!

இது யாரு? (படத்தைக் காட்டு)
சித்தி! மதுரை சித்தி!

சித்தி வீட்ல குக்கர் இருக்கு.
குக்கர் என்ன சொல்லும்?
(காத்திரு)
உஸ்ஸ்ஸ்!

சித்தி வீட்ல காக்கா வரும்.
காக்கா என்ன சொல்லும்?
(காத்திரு)
கா! கா!

இங்கே நம்ம அம்மு இருக்கா.
அம்மு என்ன சொல்லுவா?
(காத்திரு. என்ன சொன்னாலும் சரி)

இன்னிக்கு அம்முக்குப் பொறந்த நாள்!
அம்முக்கு எத்தனை வயசு?
(விரலைப் பிடித்து)
ஒண்ணு... ரெண்டு!

சித்தி அம்முக்கு முத்தம் குடுத்தாங்க.
இந்தக் கன்னத்துல ஒண்ணு. இச்!
அந்தக் கன்னத்துல ஒண்ணு. இச்!

இவ்வளவுதான். குறிப்புகளை விட்டால் ஐம்பது சொல்லுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். விடாமல் படித்தால் அரை நிமிடம். நடுவில் காத்திருந்து, விரல் பிடித்து, முத்தம் கொடுத்து முடிக்க இரண்டு நிமிடம் ஆகும். அம்முவின் பொறுமைக்கு அது போதும். நாலு தாளை இப்படிச் சுருக்கிவிட்டேனே என்று வருத்தமாக இருந்தால், தோழி இதை ஒரு தடவையோடு நிறுத்தப்போவதில்லை என்று நினைத்துக்கொள்ளுங்கள். பிடித்துப்போனால் ‘இன்னும்’ என்று தாளைத் தூக்கிக்கொண்டு அம்மு பின்னாலேயே வருவாள்.

பெயரைச் சொல்லித் தொடங்கியதற்குக் காரணம் உண்டு. விளையாடிக்கொண்டிருக்கும் பிள்ளையின் காது தன் பெயருக்குத்தான் முதலில் திரும்பும். ‘எங்கே’ என்று தேடுவது, துணியால் முகத்தை மூடித் திறக்கும் விளையாட்டில் அவளுக்குப் பழகியதே. அவள் திரும்பிப் பார்த்த பிறகுதான் அடுத்த வரி போகவேண்டும், அதனால்தான் அங்கே ஒரு வரி இடம் விட்டிருக்கிறேன்.

‘காத்திரு’ என்ற குறிப்பை அடித்துவிடாதீர்கள். இந்தக் கடிதத்தில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது அதுதான். பெரியவர்களால் கேள்வி கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியாது. ‘குக்கர் என்ன சொல்லும்?’ என்று கேட்டு, குழந்தை வாயைத் திறப்பதற்குள் நாமே ‘உஸ்’ என்று சொல்லிவிடுவோம். அவளுக்குக் கேள்வியைக் கேட்டு, குக்கரை நினைத்து, சத்தத்தைத் தேடிப் பிடித்து, உதட்டுக்குக் கொண்டுவர நேரம் வேண்டும். மனசுக்குள் ஒன்றிலிருந்து ஐந்து வரை மெதுவாக எண்ணும்படி தோழியிடம் சொல்லுங்கள். அந்த நேரம் குழந்தையின் முகத்தைப் பார்த்து, புருவத்தைத் தூக்கி, ‘நீ சொல்லப்போகிறாய்’ என்பது போல இருக்கவேண்டும். முதல் தடவை ஒன்றும் வராமல் போகலாம். அப்போது அம்மாவே ‘உஸ்ஸ்ஸ்’ என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போகட்டும். ‘சொல்லு, சொல்லு’ என்று நெருக்கினால் விளையாட்டு பரீட்சையாகிவிடும். பக்கத்தில் விருந்தினர் இருந்தால் இன்னும் மோசம்.

‘என்ன சொல்லும்?’ என்பது மூன்று முறை வருவதைப் பார்த்திருப்பீர்கள். முதல் முறை அவள் கேட்டுக்கொள்வாள், இரண்டாம் முறை எதிர்பார்ப்பாள், மூன்றாம் முறை கேள்வியே அவளைப் பற்றியது. அங்கே சரியான விடை என்று எதுவும் இல்லை. ‘தித்தி’ என்பாளோ, ‘கேக்கு’ என்பாளோ, கத்துவாளோ, எதுவானாலும் அம்மா அதையே திருப்பிச் சொல்லிச் சிரித்தால் போதும்.

விரல் விஷயத்தில் ஒரு சின்ன தகவல். ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மட்டும் தனியாக நிமிர்த்தி மற்றதை மடக்கி வைப்பது இந்த வயதுக் கைக்குக் கஷ்டம். ‘ரெண்டு வயசு காட்டு’ என்றால் ஐந்து விரலும் வரும், அல்லது ஒன்று வரும். அதனால்தான் ‘விரலைப் பிடித்து’ என்று எழுதினேன். ‘ஒண்ணு, ரெண்டு’ என்பதுகூட அவளுக்கு இப்போது ஒரு பாட்டு மாதிரிதான், எண்ணிக்கையாக மாற இன்னும் நாளாகும். கன்னத்துக்கு ஒன்றாக இரண்டு முத்தம் விழும்போது அந்தப் பாட்டுக்குப் பின்னால் தொட்டு உணர ஏதோ இருக்கும்.

உங்கள் வரிகளில் கலெக்டரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, எடுத்துவிடுங்கள். அம்மா பட்ட பாட்டைப் பற்றிய வரியை எழுதியது ஏன் என்று எனக்குப் புரிகிறது. தோழியின் பிரசவ நேரத்தில் நீங்கள் கூடவே இருந்திருக்கலாம். அந்த வரியைப் படிக்கும்போது அவள் கண் கலங்கும், குரல் உடையும். குழந்தைகள் ஒரு வயதிலிருந்தே புதிய சூழலில் அம்மாவின் முகத்தைப் பார்த்துத்தான் பயப்படுவதா சிரிப்பதா என்று முடிவு செய்வார்கள். சந்தோஷக் கண்ணீர் என்று ஒன்று இருப்பது அம்முவுக்குத் தெரியாது. அம்மா அழுதால் அவளும் அழுவாள், அதற்குக் காரணம் அந்தத் தாள் என்றும் நினைத்துக்கொள்ளலாம். அந்த வரி தோழிக்குப் போகவேண்டிய வரி. தனித் தாளில் எழுதி, மடித்து, அவள் பெயர் போட்டு அதே உறைக்குள் வையுங்கள். பாப்பா தூங்கிய பிறகு அவள் படிக்கட்டும்.

மற்ற தாள்களையும் கிழிக்காதீர்கள். தேதி போட்டு ஒட்டி, ‘அம்மு தானே எழுத்துக்கூட்டிப் படிக்கும்போது’ என்று மேலே எழுதி அனுப்புங்கள். கலெக்டர் வரியை மட்டும் அதிலிருந்தும் எடுத்துவிட்டால் எனக்கு நிம்மதி.

‘சீக்கிரம் நிறையப் பேசு’, ‘நல்லா சாப்பிடு’ மாதிரி வரிகள் உங்கள் தாளில் இல்லை. ஆனால் கடைசி நேரத்தில் சேர்க்கத் தோன்றும், வேண்டாம். அது படிக்கிற அம்மாவைத்தான் குத்தும். இரண்டு வயதில் பல பிள்ளைகள் ஐம்பது சொல்லாவது சொல்வார்கள், ‘அம்மா வா’, ‘இன்னும் பால்’ என்று இரண்டு சொல்லைச் சேர்ப்பார்கள். அம்மு இன்னும் அப்படிச் சேர்க்கவில்லை என்று தோழி எப்போதாவது கவலைப்பட்டால், முதலில் காது கேட்கும் திறனைப் பரிசோதித்து, பேச்சையும் ஒருமுறை காட்டிவிடச் சொல்லுங்கள். அதைப் போனில் தனியாகப் பேசிக்கொள்ளலாம். பிறந்த நாள் கடிதத்தில் வேண்டாம்.

பாசியும் ஜிகினாவும் கூடாது. அம்மு முதலில் செய்யப்போவது அட்டையைப் பிடுங்குவது, அடுத்து வாயில் வைப்பது. பாசி, பொத்தான், குண்டுமணி என எதுவாக இருந்தாலும் பிய்ந்து வந்தால் தொண்டையில் சிக்கும். ஸ்டேப்ளர் பின்னும் வேண்டாம். கல்யாணப் பத்திரிகை அளவுக்குத் தடிமனான ஒரே அட்டையை எடுத்து, நாலு மூலையையும் கத்தரியால் வளைவாக வெட்டிவிடுங்கள். ஒரு பக்கம் உங்கள் முகம் மட்டும் பெரிதாகத் தெரியும் போட்டோ. கல்யாண வீட்டுக் குரூப் போட்டோவில் அவளால் உங்களைக் கண்டுபிடிக்க முடியாது. வீடியோ காலில் அவள் பார்க்கும் முகம் மாதிரி, அதே கண்ணாடியோடு, அதே கொண்டையோடு இருக்கட்டும். மறுபக்கம் எழுத்து. பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, கையை நீட்டிப் பிடித்தபடி படிக்க வேண்டியிருக்கும். ஒன்றாம் வகுப்புப் பாடப் புத்தக எழுத்து அளவுக்குப் பெரிதாக, ஒரு மூச்சுக்கு ஒரு வரியாக எழுதுங்கள். போட்டோ இன்னொரு பிரதி இருந்தால் அதையும் உறையில் போடுங்கள். அம்மா கையில் ஒன்று, அம்மு கையில் ஒன்று இருந்தால் பிடுங்கல் குறையும்.

அனுப்பும் முன் நீங்களே ஒருமுறை சத்தமாகப் படித்து, மொபைலில் பதிவு செய்து கேட்டுப் பாருங்கள். நடுவில் மூச்சு வாங்கிய வரியை இரண்டாக உடையுங்கள். உங்கள் குரல் தட்டையாகப் போன இடத்தில் அநேகமாக ஒரு எழுத்துத் தமிழ்ச் சொல் ஒளிந்திருக்கும், அதை மாற்றுங்கள். கேட்கும்போது ‘நான்’, ‘வர்றேன்’, ‘தர்றேன்’ எங்காவது காதில் விழுகிறதா என்று தனியாக ஒருமுறை கவனியுங்கள். பழக்கத்தில் நுழைந்துவிடும்.

எப்போது படிப்பது என்று தோழியிடம் பேசிவிடுங்கள். கேக் வெட்டும் நேரம் வேண்டவே வேண்டாம். பலூன், மெழுகுவர்த்தி, பாட்டு, சுற்றி இருபது முகம். அதற்கு நடுவே யார் குரலும் அவளுக்கு ஏறாது. காலையில் பால் குடித்து முடித்த நேரமோ, மதியம் தூங்கி எழுந்து மடியில் கிடக்கும் நேரமோ நல்லது. மறுநாள் என்றாலும் குறைவில்லை, பிறந்த நாள் எந்தத் தேதி என்று அவளுக்குத் தெரியாது. டிவி அணைந்திருக்கட்டும். அந்த நேரம் நீங்கள் வீடியோ காலில் இருக்க ஆசைப்படுவீர்கள். அதையும் அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள், போன் எதிரில் இருந்தால் அவள் கண் அம்மா முகத்துக்கு வராது. நடுவில் அம்மு இறங்கி ஓடிவிட்டால் பின்னால் துரத்திப் படிக்க வேண்டாம். அட்டையை அவள் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டால் அவளே எடுத்துக்கொண்டு வருவாள்.

இன்னும் ஒன்று. இந்த வயதில் ஆசைகள் வாரத்துக்கு வாரம் மாறும். நீங்கள் குக்கரைப் பற்றிக் கேள்விப்பட்டது எப்போது? ஒரு மாதத்தில் அவள் குக்கரை விட்டுவிட்டு ஆட்டோ சத்தத்துக்குத் தாவியிருக்கலாம், அல்லது குக்கரைக் கண்டு பயப்படவே ஆரம்பித்திருக்கலாம். அட்டையை இன்றைக்கே எழுதி முடித்துவிடாதீர்கள். படமும் மற்ற வரிகளும் தயாராக இருக்கட்டும், குக்கர் வரிக்கும் காக்கா வரிக்கும் இடம் விட்டு வையுங்கள். ஸ்பீடு போஸ்டில் போடுவதற்கு முதல் நாள் தோழிக்குப் போன் செய்து, ‘இப்போ அம்முவுக்கு எந்தச் சத்தம் பிடிக்குது?’ என்று கேட்டு, அதை நிரப்பி அனுப்புங்கள்.